வருமான விவரத்துக்கும் படிவம் 26ஏஎஸ்-க்கும் இடையிலான வேறுபாடு குறித்த அறிவிப்புக்கு விளக்கம்

கோயம்புத்தூர்,
22.11.2024.

அனுப்புநர்:
க. முருகேசன், கட்டட அமைப்பியல் பொறியாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மதிப்பீட்டு அலகு, வருமான வரித் துறை
(மின்தாக்கல் இணையதளம் வழியாக).

பொருள்: மதிப்பீட்டு ஆண்டு 2023-24, வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 142(1)-இன் கீழ் வந்த அறிவிப்புக்கு விளக்கம் அளித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் 11.11.2024 நாளிட்ட அறிவிப்பு.

ஐயா / அம்மையீர்,

என் தொழில் வரவாகப் படிவம் 26ஏஎஸ்-இல் பிரிவு 194ஜே-யின் கீழ் ரூ.18,46,000 காணப்படும் நிலையில், 24.7.2023 அன்று நான் தாக்கல் செய்த விவரத்தில் ரூ.14,70,000 மட்டுமே காட்டப்பட்டிருப்பதாகவும், எஞ்சிய ரூ.3,76,000-ஐ ஏன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது என விளக்க வேண்டும் எனவும் பார்வையில் கண்ட அறிவிப்பில் கேட்டுள்ளீர்கள். இத்தொகையில் எந்தப் பகுதியும் 2022-23 நிதியாண்டில் நான் ஈட்டி மறைத்த வருமானம் அல்ல என்பதைக் கீழ்க்காணும் விவரங்களுடன் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாவதாக, ரூ.1,26,000 ஜிஎஸ்டி தொகையாகும். 26ஏஎஸ்-இல் முதலில் உள்ள கட்டுமான நிறுவனத்துக்கு அந்த ஆண்டு நான் கொடுத்த பட்டியல்களில் கட்டணம் ரூ.7,00,000 என்றும், அதன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.1,26,000 என்றும் தனித்தனியே குறிப்பிட்டிருந்தேன். ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை நீக்கிய தொகைக்கே வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2017-ஆம் ஆண்டு 23-ஆம் எண் சுற்றறிக்கை கூறியிருந்தும், அந்நிறுவனம் மொத்தத் தொகையான ரூ.8,26,000-க்குப் பிடித்தம் செய்து அதையே தன் காலாண்டு அறிக்கையில் காட்டியுள்ளது. நான் வசூலித்த ஜிஎஸ்டி உரிய மாதங்களில் ஜிஎஸ்டிஆர்-3பி வழியாக அரசுக்குச் செலுத்தப்பட்டுவிட்டது. அதை வரவில் சேர்த்துக் காட்டியிருந்தாலும் அதே தொகை செலுத்திய வரியாகக் கழிந்துவிடும் என்பதால், வரிக்குரிய வருமானத்தில் ஒரு ரூபாய்கூட மாறியிராது.

இரண்டாவதாக, ரூ.1,50,000 கால வேறுபாட்டால் எழுந்தது. தொழில் தொடங்கிய ஆண்டிலிருந்து பிரிவு 145(1) அனுமதிக்கும் ரொக்க அடிப்படையிலேயே, அதாவது பணம் கைக்கு வந்த நாளைக் கொண்டே, என் கணக்குகளை எழுதி வருகிறேன். இம்முறையை எந்த ஆண்டிலும் மாற்றியதில்லை. மற்றொரு நிறுவனம் என் மார்ச் மாதப் பட்டியலை 31.3.2023 அன்று தன் கணக்கில் வரவு வைத்து ரூ.15,000 வரியைப் பிடித்தது. ஆனால் பணம் என் வங்கிக் கணக்குக்கு 18.4.2023 அன்றே வந்து சேர்ந்தது. எனவே அத்தொகை 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்காக 22.7.2024 அன்று தாக்கல் செய்த விவரத்தில் வருமானமாகக் காட்டப்பட்டு வரியும் செலுத்தப்பட்டுள்ளது. வருமானம் எந்த ஆண்டில் வரிக்குட்படுகிறதோ அந்த ஆண்டிலேயே பிடித்த வரிக்கான வரவையும் கோர வேண்டும் என்ற விதி 37பிஏ-வின்படி, அந்த ரூ.15,000-ஐ இவ்வாண்டில் கோராமல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறேன். இப்போது அதே தொகையை இவ்வாண்டிலும் சேர்த்தால், ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி விதித்ததாகிவிடும்.

மூன்றாவதாக, எஞ்சிய ரூ.1,00,000 ஒரே பட்டியலை நான்காம் காலாண்டில் இரண்டு முறை பதிந்ததால் வந்தது. இரண்டு பதிவுகளிலும் தேதியும் தொகையும் ஒன்றே. இரண்டாவதற்கு எதிரே வரி செலுத்திய சலான் பொருந்தாமல் "U" என்ற நிலையே காட்டப்பட்டிருந்தது. நான் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டபின், வரி பிடித்தவர் 13.11.2024 அன்று திருத்த அறிக்கை தாக்கல் செய்தார். 21.11.2024 அன்று பதிவிறக்கிய 26ஏஎஸ்-இல் அப்பதிவு இல்லை.

நான் கோரிய வரி வரவு ரூ.1,59,600 மட்டுமே. மேற்சொன்ன ரூ.15,000-ஐயோ, இரட்டைப் பதிவில் காட்டப்பட்ட ரூ.10,000-ஐயோ நான் கோரவில்லை என்பதை விவரத்தின் வரிப் பிடித்த அட்டவணையிலிருந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

அறிவிப்பின் கடைசிப் பத்தியில் குறிப்பிட்டுள்ள சேமிப்புக் கணக்கு வட்டி ரூ.9,412, விவரத்தில் பிற வருமானத் தலைப்பில் முழுமையாகக் காட்டப்பட்டுப் பிரிவு 80டிடிஏ-வின் கீழ் கழிக்கப்பட்டுள்ளது. ஆகவே இதில் வேறுபாடு எதுவும் இல்லை.

மேற்கண்டவற்றுக்கு ஆதாரமாக, கட்டணப் பட்டியல்கள், ஏப்ரல் 2022 முதல் ஏப்ரல் 2023 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிஎஸ்டிஆர்-3பி படிகள், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு விவரத்தின் ஒப்புகை மற்றும் வருமானக் கணக்கீடு, திருத்த அறிக்கையின் ஒப்புகை, புதிய 26ஏஎஸ், தொகைவாரியான ஒப்பீட்டு அறிக்கை ஆகியவற்றை இத்துடன் பதிவேற்றியுள்ளேன்.

எனவே, நான் தாக்கல் செய்த வருமானத்தை அப்படியே ஏற்று, ரூ.3,76,000-ஐச் சேர்க்கும் உத்தேசத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்விளக்கத்துக்கு மாறான முடிவு எடுக்கக் கருதினால், ஆணை பிறப்பிக்கும் முன் காரணங்களுடன் கூடிய அறிவிப்பு அனுப்பி, காணொலி வழியாக நேரில் விளக்க வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.

இங்குக் கூறியவை யாவும் நான் அறிந்தவரையில் உண்மையே என உறுதியளிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
க. முருகேசன்