டிப்போ சொந்தங்களுக்கு

அருப்புக்கோட்டை டிப்போவில் என்னோடு வேலை பார்க்கும் ஓட்டுநர், நடத்துநர், டெக்னிக்கல், ஆபீஸ், செக்யூரிட்டி, கேன்டீன் எல்லோருக்கும் வணக்கம்.

என் மனைவி பேச்சியம்மாளின் பதினாறாம் நாளன்று வீட்டுக்கு வந்து நீங்கள் கொடுத்த கவரில் 73,450 ரூபாய் இருந்தது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டதோடு சரி. அதனால் இப்போது எழுதுகிறேன். டைம்கீப்பர் அறை வாசலில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். விடியக்காலை முதல் சிங்கிள் எடுக்கிறவர்கள் டூட்டி முடித்து வந்து நிதானமாகப் படியுங்கள்.

பணத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. எல்லோரும் தூங்கப் போனபிறகு எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பேர். ஒரு பேருக்கு நேராகக்கூடத் தொகை இல்லை. எவ்வளவு டிக்கெட் கொடுத்தோமோ அவ்வளவு காசு கையில் இருக்க வேண்டும் என்று காலமெல்லாம் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே திரிகிற ஆள் நான். எனக்கு அந்த நோட்டு முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. மறுநாள் கேட்டதற்கு ராசு அண்ணன் சொன்னார்: "தொகை எழுதினா அது மொய் மாப்ளே. நீ திருப்பிச் செய்யணும்னு நினைப்ப. அதான் எழுத வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்."

நம் பக்கத்தில் மொய் நோட்டு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தாத்தா வாங்கிய ஐந்து ரூபாயைப் பேரன் ஐநூறாகத் திருப்பிச் செய்கிற ஊர் இது. அந்தக் கடனிலிருந்து என்னை விலக்கிவிட வேண்டும் என்று சம்பளத் தேதிக்கு முந்தின வாரத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்கள். பணம் பெரிய உதவி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது இந்த யோசனைக்கு. ஆயிரம் கொடுத்தவர் யார், ஐம்பது கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு எந்த ஓட்டுநரோடு டூட்டி விழுந்தாலும் எல்லோர் முகத்தையும் ஒன்றுபோலப் பார்த்துப் பேசலாம்.

அதே நோட்டில் தொ.மு.ச., சி.ஐ.டி.யு., அண்ணா தொழிற்சங்கம் மூன்று பேரும் அடுத்தடுத்த வரியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போனஸ் பேச்சில் இப்படிப் பார்த்ததில்லை. பேச்சியம்மாள் இருந்திருந்தால் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணியிருப்பாள். ஓய்வுபெற்ற அண்ணன்கள் சிலர் பேரும் இருக்கிறது. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்கா பேரும் இருக்கிறது. அக்கா, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அதற்குமேல் எழுத வரவில்லை.

நோட்டில் வராத கணக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் என் நைட் ஹால்ட் டூட்டியைப் புதுக் கண்டக்டர் தம்பிகள் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ரெஸ்ட்டை விட்டுக் கொடுத்தார்கள். துஷ்டி கேட்க வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போவதற்காகக் கடைசி டவுன் பஸ்ஸை எங்கள் ஊர் முக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தவர் யார் என்று சொன்னால் அவருக்கு மெமோ வரும். ஆகவே சொல்லவில்லை. அவருக்கும் நன்றி.

இனிப் பணம் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். "உன் இஷ்டம், கணக்கு வேண்டாம்" என்றீர்கள். கணக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பதினாறாம் நாள் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் 11,200 ரூபாய். மருந்துக்கடையில் பாக்கி நின்றது 2,250. மீதி 60,000 ரூபாயைப் போஸ்ட் ஆபீஸில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட்டிருக்கிறேன். வட்டி 7.5 சதவீதம். வருஷத்துக்கு 4,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும்.

அந்த வட்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. அவள் அங்கே சத்துணவுச் சமையலராக இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளைக் கேட்டால் சமையலர் என்று சொல்ல மாட்டாள், "ஆயாம்மா" என்பாள், பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டதால். புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் அரசாங்கம் கொடுக்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கொண்டுவருகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மறந்துவிட்டு வரும், அல்லது வீட்டில் கொடுத்துவிட ஒரு தட்டு இருக்காது. மற்றவர்கள் சாப்பிட்டுக் கழுவும்வரை அதுகள் சுவரோரம் நிற்கும். இது அவளுக்குப் பொறுக்காது. முட்டையை உரித்து அதுகள் கையில் முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வரிசைக்குப் பரிமாறுவாள். ஒவ்வொரு ஜூனிலும் தன் சம்பளத்தில் இரண்டு மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கி வைப்பாள்.

ஆகவே வருஷா வருஷம் ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டு. பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருகிறார்கள். "பேச்சியம்மாள் நினைவாக" என்று வெட்டலாமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் பேர்தான் இருக்கும். சாப்பிடுகிற தட்டில் செத்தவர் பேரை எதற்கு ஒரு குழந்தை தினமும் பார்க்க வேண்டும்? தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தால் அதில் ஒரு பிரயோசனம் உண்டு. தலைமையாசிரியரும் அமைப்பாளர் அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் சேர்ந்த எட்டுப் பிள்ளைகளுக்கு என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தாயிற்று. அது உங்கள் கணக்கில் வராது. வட்டி அடுத்த ஜூனில்தான் வரும்.

பாஸ்புக் நகலையும் கடை பில்களையும் டைம்கீப்பர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். யாரும் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். இருக்கட்டும்.

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். வருஷத் திதிக்கு இன்னொரு தடவை நோட்டு எடுக்காதீர்கள். மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவள் பீஸுக்கு ஏற்பாடு இருக்கிறது. எனக்கு லேசான டூட்டி பார்த்துப் போட வேண்டாம். காரியாபட்டி வழி மதுரை ரூட்டையே திரும்பக் கொடுங்கள். கூட்டத்துக்குள் நின்று டிக்கெட் போட்டால்தான் எனக்குப் பொழுது போகும். மூன்றாவது, நம் டிப்போவில் இனி யார் வீட்டில் இப்படி ஒன்று நடந்தாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற வேலையை என்னிடம் கொடுங்கள். ராசு அண்ணனுக்கு முழங்கால் வலி. தொகை எழுதாமல் பேர் மட்டும் எழுத இப்போது எனக்கும் தெரியும்.

அடுத்த ஜூனில் தட்டுக் கொடுக்கிற தேதியை இதே பலகையில் எழுதிப் போடுகிறேன். ரெஸ்ட்டில் இருக்கிறவர்கள் வாருங்கள். பதினோரு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வந்துவிடலாம்.

அன்புடன்,
ப. முருகேசன்
நடத்துநர்