பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு

(12-ஆம் வகுப்பு அறிவிப்புப் பலகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும், பாட ஆசிரியர்கள் எழுதியது)

முந்தின நாள் ராத்திரி

விடைத்தாள் திருத்தி, மார்க் ஏற்றி முடிந்தாயிற்று. நீ விடிய விடிய விழித்திருந்தாலும் அரை மார்க் மாறாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்காதே. எந்த ஸ்டெப்புக்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்பது உனக்குத் தெரியாது; கூட்டக் கூட்டப் பயம்தான் ஏறும்.

பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வை. காலையில் ஹால் டிக்கெட்டைத் தேடுகிற பதற்றமாவது மிச்சம்.

"எவ்வளவு வரும்?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு, "நாளைக்குத் தெரிஞ்சிடும் சித்தப்பா" என்பதே போதுமான பதில்.

ரிசல்ட் வரும் காலை

tnresults.nic.in சுற்றிக்கொண்டே நின்றால் அது கெட்ட சகுனம் இல்லை, கூட்டம். பத்து நிமிஷம் கழித்துத் திற, அல்லது dge.tn.gov.in பார். பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் வரும்.

600-க்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதே. ஆறு பாடத்தையும் நிதானமாகப் படி.

நல்ல மார்க் வந்தால்

உழைத்தாய், வந்தது. கூச்சமில்லாமல் கொண்டாடு.

ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன்னால் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு ஒரு போன் போடு. "எவ்ளோடீ?" என்று தொடங்காதே, "எப்படி இருக்கே?" என்று கேள். சொல்ல நினைத்தால் அவளே சொல்வாள்.

மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. வீட்டுக்குள்ளேயும் தெருவுக்குள்ளேயும் நாம் அதைத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

எதிர்பார்த்தது வராவிட்டால்

"இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு வருஷ உழைப்பு, வலிக்கத்தான் செய்யும். அழுகை வந்தால் அழு.

மொத்தம் குறைந்தால் கதவெல்லாம் மூடியது என்று நினைக்காதே. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்று வை. பொறியியல் கட்-ஆஃப் 90 + 40 + 42, ஆக 200-க்கு 172. தமிழும் ஆங்கிலமும் அந்தக் கணக்கில் வரவே வராது. 'மொத்தத்தில் 500 தாண்டவில்லையே' என்று உட்கார்ந்திருப்பவள் முதலில் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

நன்றாக எழுதிய பாடத்தில் குறைந்திருக்கிறதா? அழுது முடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொள், ஆனால் விண்ணப்பக் கடைசித் தேதியை இன்றே குறித்துக்கொள். முதலில் விடைத்தாள் நகல். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பார். அதற்கப்புறம்தான் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்ற முடிவு. ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஏறாவிட்டாலும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு பாடம் போய்விட்டால்

ஒன்று போனால் ஆறும் போகாது. தேறிய ஐந்தும் உன்னுடையவை. துணைத்தேர்வில் எழுத வேண்டியது அந்த ஒன்றை மட்டும்.

எங்கே போனது என்று பார். இயற்பியலில் செய்முறை 20, அகமதிப்பீடு 10, தியரி 14 என்றால் கூட்டினால் 44. 35 தாண்டியும் தேர்ச்சி இல்லை, ஏனென்றால் தியரியில் 70-க்கு 15 எடுத்தாக வேண்டும். 'எனக்கு ஒன்றுமே தெரியாது' என்பதற்கும் 'தியரியில் ஒரு மார்க் தவறியது' என்பதற்கும் எத்தனை தூரம்! இரண்டு மார்க் கேள்விகளையும் புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளையும் முதலில் முடி.

வீட்டில் எப்படிச் சொல்வது? நேராகச் சொல்: "அம்மா, பிசிக்ஸ் போயிடுச்சு. துணைத்தேர்வு எழுதப் போறேன்." பாதி பயம், சொல்வதற்கு முன்னால் இருப்பதுதான்.

சொல்லவே முடியவில்லை, வீட்டுக்குப் போகவே பயம் என்றால் பள்ளிக்கு வா. ரிசல்ட் நாளன்று மாலை ஆறு மணி வரை ஹெச்.எம். அறை திறந்திருக்கும், உன் வகுப்பாசிரியர் உன்னோடு வீடு வரை வருவார். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்காதே: 104 அல்லது 14416, இரவிலும் எடுப்பார்கள்.

அப்பா அம்மாவுக்கு

ரிசல்ட் பார்க்கும்போது பிள்ளை பக்கத்தில் இருங்கள். மார்க்கைப் பார்த்ததும் முதல் வார்த்தை "சாப்பிட்டியா?" என்று இருக்கட்டும். எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு வாங்கினாள் என்பது இந்த வாரம் நம் வீட்டில் பேச்சு இல்லை. கல்லூரி, பாலிடெக்னிக், துணைத்தேர்வு எதுவானாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம். ஆதார், சாதிச் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வாருங்கள்.