நேற்று போனில் பேசியது: 420 மெரூன் டி-ஷர்ட், ஜனவரி 10-க்குள் கும்பகோணம்

சிவக்குமார் அண்ணாவுக்கு,

வணக்கம். நேற்று (டிசம்பர் 9, செவ்வாய்) சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் கூப்பிட்டும் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினீர்கள், ரொம்ப நன்றி. பேசும்போதே கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். அதைத்தான் இப்போது ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன். நான் ஏதாவது தப்பாகக் காதில் வாங்கியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். எங்கள் 2001 பிளஸ் டூ செட்டில் ஏழு பேர் கமிட்டி, ஏழு பேரும் தனித்தனியாக என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதையே காட்டிவிடுவேன், ஆளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

முதலில் துணி. 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூல், சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ் செய்து கம்பேக்டிங் முடித்த துணி, ரவுண்ட் நெக், அரைக்கை. ஜிஎஸ்எம் 5 சதவீதம் ஏறி இறங்கும், அதற்குமேல் போகாது என்றீர்கள். இங்கே எனக்கு ஒரு சந்தேகம், அதை இப்போதே கேட்டுவிடுகிறேன்: பீஸுக்கு 215 ரூபாய் என்று நீங்கள் சொன்ன நேரத்தில் பின்னால் மெஷின் சத்தம், "180-க்கு" என்றீர்களா "160-க்கு" என்றீர்களா என்று சரியாகக் கேட்கவில்லை. 180 என்றே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். 160-க்குத்தான் அந்த விலை என்றால் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கமிட்டியில் பேசிக்கொள்கிறேன்.

நிறம் மெரூன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை வைத்துச் சாயம் போட முடியாது, போனுக்குப் போன் நிறம் மாறும் என்று நீங்கள் சொன்னது நியாயம்தான். அதனால் எங்கள் பழைய ஸ்கூல் கொடித்துணியில் உள்ளங்கை அளவு வெட்டி இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து லேப் டிப் இரண்டு மூன்று ஷேடில் போட்டு, 15-ஆம் தேதி திங்கட்கிழமை எனக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்புவதாகச் சொன்னீர்கள். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்ன பிறகுதான் துணி சாயத்துக்குப் போகும். மொத்தத் துணியும் ஒரே லாட்டில் சாயம் ஏற வேண்டும், கழுத்து ரிப் உட்பட. இதை நேற்று நான் மூன்று தடவை சொன்னேன், நீங்களும் சிரித்துக்கொண்டே மூன்று தடவை சரி என்றீர்கள். போன தடவை வேறு ஒரு இடத்தில் கொடுத்தபோது உடம்பு ஒரு மெரூன், கழுத்து ஒரு மெரூன், இரண்டாவது துவையலில் எல்லாம் வெங்காயத்தோல் நிறம். கேட்டால் "நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார்கள், என்னிடமும் எழுத்தில் எதுவும் இல்லை. அந்தச் சூடு பட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், உங்கள் மேல் சந்தேகத்தில் இல்லை.

அளவு எண்ணிக்கை இதுதான்: எஸ் (38) 30, எம் (40) 90, எல் (42) 140, எக்ஸ்எல் (44) 110, டபுள் எக்ஸ்எல் (46) 50. ஆக 420. அடைப்புக்குள் இருப்பது தைத்து முடித்த பீஸின் மார்புச் சுற்று, அங்குலத்தில். அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். பள்ளியில் ஒல்லிக்குச்சியாக இருந்தவர்கள் இப்போது கேட்கிற சைஸைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும், ஆனால் எண்ணிக்கை ஒவ்வொருவரையும் கேட்டு எடுத்ததுதான், இனி மாறாது.

பிரிண்ட் இரண்டு இடத்தில். முன்னால் இடது மார்பில் பள்ளி இலச்சினை, 3 அங்குல அகலம், வெள்ளையும் கடுகு மஞ்சளும். முதுகில் "2001 செட்டு, 25-ஆம் வருஷம்" என்று இரண்டு வரி, வெள்ளை மட்டும், 10 அங்குல அகலம். இரண்டுமே பிளாஸ்டிசால். மெரூன் மேல் பிக்மென்ட் அடித்தால் வெள்ளை எடுப்பாக இருக்காது என்று சொன்னீர்கள், சரி. எழுத்து விஷயத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். கோரலில் திறக்கும்போது அந்தத் தமிழ் ஃபாண்ட் உங்கள் டிசைனர் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்த்துக்கொண்டு போய்விடும், அதனால் எழுத்துகளையெல்லாம் கர்வ்ஸ் ஆக்கியே அனுப்புகிறேன். கோப்பின் பெயர் `2001-set-back-final.cdr`. இதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் "வருஷம்" என்பதில் புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஸ்கிரீன் போடுவதற்கு முன்னால் டிரேசிங் ஷீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொன்னீர்கள், பார்த்த உடனே பதில் போடுவேன்.

சாம்பிள்: அதே லாட் துணியில், பிரிண்ட் போட்டு, எல் சைஸ் ஒரு பீஸ், 22-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் என் கைக்கு வரும். அன்றைக்கே துவைத்துப் பார்த்து, ஈர வெள்ளைத்துணி வைத்துத் தேய்த்து, நீளத்தையும் அளந்து 23-ஆம் தேதி இரவுக்குள் சொல்லிவிடுவேன். சுருக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. நான் ஓகே சொல்லும் வரை கட்டிங் போகாது. அதே மாதிரி நான் ஒரு நாள் தாமதித்தால் உங்களுக்கும் ஒரு நாள் தள்ளும், அந்தப் பழி உங்கள் மேல் வராது.

பணம். 215 வீதம் 420 பீஸுக்கு 90,300 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் 4,515, மொத்தம் 94,815. முழுப் பணமும் லோடு ஏற்றுவதற்கு முன்னால் வேண்டும் என்றீர்கள், நான் பாதி பாதி என்றேன், கடைசியில் நீங்கள் இறங்கி வந்ததற்கு நன்றி. முடிவு செய்தது: நீங்கள் இந்த மெயிலுக்கு "சரி" என்று பதில் போட்ட அன்றே 40,000, சாம்பிள் ஓகே ஆனதும் இன்னொரு 40,000, மீதி 14,815 பார்சலைப் பிரித்து எண்ணிப் பார்த்த இரண்டு நாளுக்குள். ஓட்டை, தையல் பிரிந்தது, பிரிண்ட் கோணலாக இருப்பது போன்ற டேமேஜ் வந்தால் திருப்பி அனுப்பி மாற்றிக்கொண்டிருக்க நேரம் இல்லை, அந்தப் பீஸ்களைப் போட்டோவோடு கணக்குச் சொல்லி மீதிப் பணத்தில் கழித்துக்கொள்கிறோம். பில் என் பெயரில் போடுங்கள், ஜிஎஸ்டி நம்பர் எங்களுக்குக் கிடையாது.

தேதிதான் முக்கியம். எங்கள் கூடுகை ஜனவரி 25, ஞாயிறு. பொங்கல் 15-ஆம் தேதி, அதற்கு முன்னாலேயே உங்கள் தையல் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து மெஷின் முழுசாக ஓட 20-ஆம் தேதிக்கு மேல் ஆகிவிடும் என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் ஜனவரி 8 வியாழக்கிழமை லாரி ஷெட்டில் போட்டு, 10-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் கும்பகோணம் பார்சல் ஆபீஸில் இறங்க வேண்டும். வாடகை டு-பே, நாங்கள் இங்கே கட்டி எடுத்துக்கொள்கிறோம். மதிப்பு ஒரு லட்சத்துக்குள், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறது, அதனால் இ-வே பில் தேவைப்படாது என்றீர்கள், பில் காப்பி மட்டும் பார்சலோடு வரட்டும். சைஸ் வாரியாகத் தனித்தனி மூட்டை கட்டி, வெளியே மார்க்கரில் சைஸும் எண்ணிக்கையும் எழுதிவிட்டால் எங்களுக்குப் பிரிக்கிற வேலை பாதி மிச்சம். சாயப்பட்டறையிலோ கரண்டாலோ ஏதாவது இழுக்கும் என்று தெரிந்தால் ஜனவரி 5-ஆம் தேதிக்குள் ஒரு போன் போடுவதாகச் சொன்னீர்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே தெரிந்தால் போதும்.

இனி, நேற்று முடிவாகாதவை. டபுள் எக்ஸ்எல்லுக்குத் துணி கூடப் பிடிக்கும், பீஸுக்கு 15 ரூபாய் கூடுதல் வேண்டும் என்று கேட்டீர்கள். 50 பீஸுக்கு 750 ரூபாய், வரி தனி. கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், மேலே உள்ள கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. ஒத்துக்கொண்டதாகவும் எடுக்க வேண்டாம், மறுத்ததாகவும் எடுக்க வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வேன். இன்னொன்று நாம் பேசவே இல்லை, நான் புதிதாகக் கேட்கிறேன்: 10-ஆம் தேதி தாண்டி, பொங்கலுக்குப் பிறகுதான் சரக்கு வரும் என்ற நிலை வந்தால் என்ன செய்யலாம்? முடிந்த பீஸ்களை மட்டும் முதலில் அனுப்ப முடியுமா? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள், அதையும் எழுதி வைத்துக்கொள்வோம்.

மேலே சொன்னதெல்லாம் சரி என்றால் "சரி" என்று ஒரு வரி போதும். மாற்றம் இருந்தால் எது என்று மட்டும் வெள்ளிக்கிழமை (12-ஆம் தேதி) சாயங்காலத்துக்குள் எழுதுங்கள். மெயில் பார்க்க நேரமில்லையென்றால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புங்கள், கேட்டுவிட்டு நானே எழுதி இந்த மெயிலுக்குக் கீழேயே போட்டுவிடுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலைச்செல்வி
கும்பகோணம்

பி.கு.: போனில் பேசும்போது கிறுக்கியதை அப்படியே கீழே போட்டிருக்கிறேன், நான் எங்கே தடுக்கினேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

சிவா அண்ணா, செவ்வாய் 6.40
30ஸ் கோம்ப்டு, 180?? (160?) சத்தம், திரும்பக் கேள்
215 + 5%
ரிப்பும் அதே லாட்!!!
போட்டோ வேண்டாம், துணி அனுப்பு → கூரியர் நாளை
லேப் டிப் 15, சாம்பிள் 22
முழுப் பணம் முன்னாடி → இல்லை → 40 + 40 + மீதி
எக்ஸ்எக்ஸ்எல் 15 ரூ. கூட, கமிட்டி
8 லாரி, 10 இங்கே. 5-க்குள் போன்
டு-பே
பழைய ஃபைல் அழிக்கச் சொல் (புள்ளி!)