அறுபதாம் கல்யாணப் படங்கள் பற்றித் தம்பிக்கு

தம்பி,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் கடையில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மூன்றாவது படம், கோயில் வாசலில் எடுத்தது. அதுதான் நல்ல படம். அத்தை பெரிய உடம்புக்காரர். அகன்ற தோள், பருத்த கைகள், வட்ட முகம். மாமா மெலிந்தவர், அத்தையைவிட அரைச்சாண் குட்டை. இந்த இரண்டும் படத்தில் அப்படியே இருக்கின்றன, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. அத்தை கால் ஊன்றி நிற்கும் விதத்தில், இருட்டில் எழுந்துபோய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அந்தத் தெம்பு தெரிகிறது. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கன்னத்தில் விழுந்து முகத்துக்கு ஆழம் கொடுத்திருக்கிறது. ஒரே குறை, அரக்குப் பட்டும் பின்னால் உள்ள கறுத்த மரக்கதவும் ஒன்றாகக் கலந்து, அத்தையின் இடது தோள் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இரண்டடி தள்ளி, வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது லயத்துப் படிக்கட்டில் எடுத்த முதல் படம். அதற்குக் கீழே நீ எழுதியது: "அத்தை ரொம்ப குண்டா வந்துட்டாங்க, கொஞ்சம் ஒல்லியாக்கிடவா?" வேண்டாம். படத்தில் கோளாறு இருப்பது உண்மை, ஆனால் அது அத்தையின் உடம்பில் இல்லை. கோப்பைத் திறந்து பார், லென்ஸ் 18 மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்த அகலத்தில் படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளை லென்ஸ் பக்கவாட்டில் இழுத்துவிடும். கேமராவுக்குக் கிட்ட இருப்பது மேலும் பெரிதாகத் தெரியும். நீ அத்தையை வலது ஓரத்தில், ஒரு படி முன்னால் நிறுத்தியிருக்கிறாய். மாமா நடுவில், ஒரு படி பின்னால். அத்தை உள்ளதைவிட அகலமாகவும் மாமா உள்ளதைவிடச் சின்னதாகவும் ஆகிவிட்டார்கள். இடம் மாற்றி நிறுத்தியிருந்தால் மாமாவின் தோள்தான் அகன்றிருக்கும். போதாததற்கு, அத்தையின் இடது கை முழங்கைக்கு மேலேயே வெட்டுப்பட்டிருக்கிறது. ஆளுக்கு வேண்டிய இடத்தைப் படத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ சோதனைக்கு இடுப்பைக் குறுக்கி அனுப்பியதையும் பார்த்தேன். கதவு நிலை அத்தைப் பக்கம் வளைந்திருப்பதைக் கவனித்தாயா? நிலை வளையாமல் செய்தாலும் எனக்குச் சம்மதமில்லை. மண்டபத்துக்கு வரும் பாதிப் பேர் அத்தையை நாற்பது வருஷமாகத் தோட்டத்தில் பார்த்தவர்கள். அழைப்பிதழில் வேறொரு பெண்மணி நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தை என்ன நினைப்பார்?

இரண்டாவதான ரம்புத்தான் மரத்தடிப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உச்சி வெயில், இரண்டு பேர் கண்ணும் சுருங்கியிருக்கிறது. பேரனை அத்தைக்கு முன்னால் நிறுத்தியது அவரை மறைக்கத்தான் என்று எனக்குப் பட்டது. அத்தைக்கும் பட்டிருக்கும். அதை விட்டுவிடு.

மறுபடி எடுப்பதாக இருந்தால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் போ. லென்ஸை 50-க்குக் கொண்டுபோய், நீ நன்றாகப் பின்னுக்கு நகர்ந்து கொள். இருவரும் ஒரே படியில், கேமரா அவர்கள் நெஞ்சு உயரத்தில். உட்கார வைத்தால் அந்தக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அத்தைக்கு அது குறுகல். இரண்டாவது படத்தில் அதனால்தான் தோளைச் சுருக்கி உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மர பெஞ்சு கிடக்கிறது, துடைத்துப் போடு. மாமாவின் கை அத்தையின் தோளில் இருக்கட்டும். வெட்கப்படுவார், விடாதே.

ஒன்று மட்டும். அங்கே வைத்து "மூச்சை உள்ளே இழுங்க", "கொஞ்சம் திரும்புங்க, ஒல்லியா தெரியும்" என்றெல்லாம் சொல்லிவிடாதே. "மாமா பக்கம் திரும்புங்க அத்தை, முகத்துல வெளிச்சம் விழட்டும்" என்றால் போதும், அதே வேலை நடக்கும். அத்தையே "பாரு, எவ்வளவு பெருத்துட்டேன்" என்று ஆரம்பிப்பார், எனக்குத் தெரியும். இல்லையில்லை என்று மறுத்து மழுப்பாதே, அவருக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. கோயில் வாசல் படத்தைக் காட்டி, "இதுல நீங்க நீங்களாவே இருக்கீங்க அத்தை, பட்டு அழகா விழுந்திருக்கு, சிரிப்பு கண்ணு வரைக்கும் வந்திருக்கு" என்று சொல். பொய்யும் இல்லை, முகஸ்துதியும் இல்லை.

கோயில் படத்தில் தோள் ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி 8ஆர் அளவில் ஒன்று போட்டு வைக்கிறேன். மறுபடி எடுப்பது சரியாக வந்தால் அது அழைப்பிதழுக்கு, இது மண்டப வாசலுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானம் வரைதான், அதற்குள் வந்து வாங்கிக்கொள்.

அக்கா