பதில் வரும்வரை

ஜலகண்டேஸ்வரா, அகிலாண்டேஸ்வரித் தாயே,

அகழியைத் தாண்டிக் கோட்டைக்குள் வரும்போதே போனை சைலண்டில் போட்டுவிட்டேன். இருந்தாலும் கை பைக்குள்ளேயே போகிறது. இன்டர்வியூ முடிந்ததும் ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். இன்றோடு 11 நாள். தெரியாத நம்பர் வந்தால் அடித்துப் பிடித்து எடுக்கிறேன். லோன் வேண்டுமா மேடம் என்கிறார்கள்.

எனக்கு இந்த வேலை வேண்டும் சுவாமி. எது நடந்தாலும் சரி என்று உன் எதிரில் நின்று பொய் சொல்லமாட்டேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் கணக்குப் பிரிவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். அப்பா காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஆட்டோ ஓட்டிவிட்டு, முதுகில் ஒட்டிய சட்டையோடு வந்து உட்காருகிறார். "என்னம்மா ஆச்சு?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜி.எஸ்.டி.யில் ஒரு கேள்வி, ரிவர்ஸ் சார்ஜ் பற்றி. படித்ததுதான், வாயில் வரவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது முழு விடையும் வந்து நின்றது. (இதெல்லாம் உன் விளையாட்டா?) படுத்தால் அந்த விடையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை நிறுத்து, போதும்.

அப்புறம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடியாத்தத்துப் பெண். என் துப்பட்டா நழுவியதைப் பார்த்துத் தன் புடவையிலிருந்தே ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், இன்னும் பையில் கிடக்கிறது. இருப்பது ஒரு இடம். அவளுக்குக் கிடைக்கட்டும் என்று வேண்ட எனக்கு மனசு வரவில்லை, மன்னித்துக்கொள். அவளுக்கே போய்விட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்.

நீயும் காத்திருந்தவன்தானே. இவ்வளவு சிற்பத்தோடு இந்த மண்டபம் பூஜையில்லாமல் கிடக்க, நீ சத்துவாச்சாரியில் இருந்தாய். 1981-ல்தான் திரும்பி வந்தாய் என்று பாட்டி சொல்லுவாள். அந்தப் பொறுமையெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த மாசக் கடைசிவரைக்கும் தாங்குகிற அளவுக்குக் கொடு.

கிடைத்தால், முதல் சம்பளத்தில் அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றிவிட்டு, அம்மாவோடு வந்து உனக்கு வில்வ மாலை சாத்துகிறேன். கிடைக்காவிட்டால் ஒருநாள் அழுதுகொள்கிறேன், அதைத் தடுக்காதே. மறுநாள் காலையில் சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு பஸ் ஏறுகிற தெம்பை மட்டும் கொடு. தாயே, அன்றைக்கு வீட்டில் யாரும் எனக்காகக் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டாம். அம்மா எப்போதும்போலத் திட்டட்டும்.

போனை இனி வாசலைத் தாண்டிய பிறகு பார்க்கிறேன். இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் கொடு.