பன்னிரண்டு காயில்

தொட்டியில் கிடந்த ஸ்டேட்டரை, கம்பி சுற்றிய மோட்டார் கூட்டை, வெளியே எடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நேற்று நள்ளிரவு ஒரு மணிக்குத் தண்ணீரில் முக்கியது. 24 மணி நேரம் முழுசாக ஊற வேண்டும். அவனியாபுரத்தில் பாண்டியைத் தவிர வேறு எந்த வைண்டிங் கடைக்காரரும் இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. சாயங்காலம் முக்கி, காலையில் கரண்டு கசிகிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை பாண்டியும் அப்படித்தான் அனுப்பினான்.

சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுவது. அதன் வயிற்றுக்குள்ளும் தண்ணீர்தான் இருக்கும். செம்புக் கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும். சுற்றும்போது, கம்பி இறங்குகிற ஸ்லாட்டின் விளிம்பில் ஓரிடத்தில் உரசிக் கீறினாலும் போதும், கரண்டு கசிந்துவிடும். கீறல் சின்னதாக இருந்தால் அதற்குள் தண்ணீர் ஏற நேரமாகும். அரை நாளில் காட்டாதது ஒரு நாளில் காட்டும். அதற்காகத்தான் 24 மணி நேரம் என்று யாராவது கேட்டால் சொல்வான். சொல்லாத காரணம் வேறொன்று உண்டு.

மேசையில் இருந்த போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. 12.50.

'முத்தையா வலையங்குளம்' என்று திரையில் இருந்தது. பெயரை அவன் அழிக்கவே இல்லை. அந்தப் பெயருக்குக் கீழே கடைசியாக இருந்தது, மூன்று வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் பாண்டி அனுப்பிய ஒற்றை வரி: "மோட்டார ஏத்தியாச்சா, நான் வந்து பாக்குறேன்." அதற்குப் பதில் வந்ததில்லை.

அந்தச் சித்திரையில் முத்தையாவின் 5 ஹெச்.பி. மோட்டாரைப் பாண்டிதான் சுற்றினான். 24 ஸ்லாட், பன்னிரண்டு காயில், ஒவ்வொன்றுக்கும் 28 சுற்று. இந்த வகை ஸ்டேட்டரில் ஸ்லாட் வாய் மூடியிருக்கும். அச்சில் சுற்றிக் கட்டாக உள்ளே இறக்க முடியாது. ஊசியில் நூல் கோப்பது மாதிரி ஒவ்வொரு சுற்றாக ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். 336 தடவை. இரண்டு நாள் உட்கார்ந்து இழுத்தான். கூலி வாங்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தைப்பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டை ஒரே மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள். கம்பிக்கு மட்டும்தான் காசு, அதையும் முத்தையா கடன் சொல்லியிருந்தான்.

பதினோராவது நாள் மோட்டார் எரிந்தது.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம். மல்லி நல்ல விலைக்குப் போகிற நேரம். 260 அடியிலிருந்து பதிமூன்று குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றி, வேறு கடைக்குக் கொண்டுபோய், திரும்ப இறக்குவதற்குள் ஐந்து நாள் ஆனது. மேற்குப் பாத்தி முழுக்க மொக்குச் சுருங்கிவிட்டது. ஆறாவது நாள் முத்தையா கடைக்கு வந்தான். உள்ளே நாலு பேர் இருந்தார்கள்.

"ஓசில சுத்துனா ஓசிக்குத் தக்கனதாண்டா இருக்கும்."

பாண்டி கேட்டது ஒரே கேள்வி. "ரிலேவ எதுல வச்சிருந்த?"

"பத்துலதான். நீ வச்சது வச்ச மாதிரிதான் இருக்கு. போய்ப் பாரு."

பாண்டி போய்ப் பார்த்தான். முத்தையா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், கரண்டு அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ரிலேயின் முள் பத்து ஆம்பியரில்தான் நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ரிலே சரியாக இருந்தும் மோட்டார் எரிந்திருக்கிறது என்றால், கோளாறு உள்ளே. உள்ளே என்றால் ஸ்டார் ஜாயிண்டாக இருக்கலாம். மூன்று பேஸின் முனைகளையும் சேர்த்து முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றுகிற இடம் அது. ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி மூன்று அடுக்கு சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது, இடைவெளி வழியே தண்ணீர் போகும். அன்று ராத்திரி ஒன்பது மணி. மூன்று அடுக்கு சுற்றினோமா, இரண்டோடு விட்டோமா?

ஞாபகம் வரவில்லை. மூன்று வருஷமாக வரவில்லை. அதன் பிறகு எந்த மோட்டாரின் ஸ்டார் ஜாயிண்டையும் போட்டோ எடுக்காமல் அவன் மூடியதில்லை. 24 மணி நேரம் ஊற வைப்பதும் அப்போது தொடங்கியதுதான்.

முத்தையா மகளுக்குக் காது குத்தினார்கள். பத்திரிகை வரவில்லை. பாண்டியின் அப்பா இறந்தபோது முத்தையா வந்தான், சுடுகாடு வரை நடந்தான், பேசாமல் போனான்.

போனைத் திறந்தான். முதலில் ஒரு படம், கீழே நீளமாக எழுத்து. படத்தைப் பெரிதாக்காமல் எழுத்தைப் படித்தான்.

"பாண்டி முழிச்சிருக்கியான்னு தெரியல. மோட்டார் கொட்டாயில உக்காந்திருக்கேன். மூணு பேஸு இப்பதான் வந்துச்சு. மடை மாத்த மம்பட்டிய தேடுனப்ப மூலையில ஒரு சாக்கு கெடந்துச்சு. அந்தத் தடவ எரிஞ்ச காயில எல்லாம் அந்தக் கடைக்காரரு வெட்டி இதுலதான் போட்டுக் குடுத்தாரு. செம்புக்கு எடைக்குப் போடலாம்னு வச்சது, போடவே இல்ல. இன்னிக்குத்தான் கொட்டிப் பாத்தேன். எட்டு கட்டு கரியா இருக்கு. நாலு கட்டு நீ சுத்துன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. நீ ஒரு நாள் கடையில யாருக்கோ சொல்லிக்கிட்டு இருந்த, ஸ்டார் மோட்டார் ரெண்டு பேஸுல ஓடுனா எட்டு எரியும் நாலு தப்பிக்கும்னு. நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்.

"இது இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது இல்லடா. அன்னிக்கு ராத்திரியே தெரியும். பெட்டியில மூணு லைட்டுல நீல லைட்டு எரியல. பல்பு போயிருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். குழாயில தண்ணி கொறஞ்சுச்சு, அதையும் பாத்தேன். மேக்குப் பாத்தி பாதிதான் பாஞ்சிருந்துச்சு, இன்னும் ஒரு மணி நேரந்தான் கரண்டு இருக்கும்னு நிறுத்தல. அதுக்கு முந்தின வாரம் ரிலே அடிக்கடி விழுந்துச்சுன்னு 14க்குத் திருப்பி வச்சது நாந்தான். எரிஞ்ச பெறகு பத்துக்குத் திருப்புனதும் நாந்தான். திருப்பி வச்சிட்டுத்தான் ஒன் கடைக்கு வந்தேன். நாலு பேரு முன்னால சொன்னேன். ஒன் கையில ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஒனக்குத் தெரியணும்னு அனுப்புறேன். அவ்ளோதான்."

பாண்டி படத்தைப் பெரிதாக்கினான்.

மண் தரையில், டார்ச் வெளிச்சத்தில், பன்னிரண்டு கட்டுகளையும் முத்தையா வரிசையாகப் பரப்பியிருந்தான். எட்டில் பிளாஸ்டிக் உருகிக் கம்பிகள் ஒன்றோடொன்று அப்பிக் கரிக்கட்டியாகக் கிடந்தன. நாலு, வெட்டிய முனையில் செம்பு மின்ன, மேலே உறை நசுங்காமல் இருந்தன. சந்தேகப்பட இடமே இல்லை. ஸ்டார் கனெக்‌ஷனில் ஒரு பேஸ் போய்விட்டால் மிச்சம் இரண்டு பேஸின் காயில்கள் ஒரே வரிசையாகி முழுப் பாரத்தையும் இழுக்கும். மூன்றாவது பேஸின் நாலு காயிலில் கரண்டே ஓடாது. ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் உடனே நிற்காது, திணறிக்கொண்டு ஓடும். ஒன்பது ஆம்பியர் எடுத்தது பதினைந்தைத் தாண்டும். ரிலே பத்தில் இருந்திருந்தால் சில நிமிஷத்துக்குள் தட்டிவிட்டிருக்கும். பதினாலில் மணிக்கணக்கானாலும் விழாது. ஸ்டார்ட்டரின் காயிலுக்குப் போகிற இரண்டு பேஸில் ஒன்று போயிருந்தாலாவது பெட்டி தானே கழன்றிருக்கும். போனது நீலம், காயிலுக்குப் போவது சிவப்பும் மஞ்சளும். எல்லாமே சேர்ந்து அமைந்துவிட்டது.

முந்தின வாரம் ரிலே விழுந்ததற்குக் காரணமும் பாண்டிக்கு இப்போது புரிந்தது. சித்திரையில் எல்லாக் கிணற்றிலும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கும், ஆம்பியர் ஏறும். ரிலே அதன் வேலையைத்தான் செய்தது. அப்போது ஒரு போன் போட்டிருந்தால், அரை மணி நேரம் தள்ளிப் போடு என்று சொல்லியிருப்பான்.

படத்தின் ஓரத்தில், கட்டுகளுக்கு அப்பால், விரல் நீளத்துக்கு ஏதோ கிடந்தது. பாண்டி இன்னும் பெரிதாக்கினான். ஸ்டார் ஜாயிண்டு. அந்தக் கடைக்காரர் மூன்று வயரையும் தள்ளி வெட்டி, முடிச்சோடு சாக்கில் போட்டிருக்கிறார். டேப்பில் கருகல் இல்லை. வெட்டுப்பட்ட முனையில் அடுக்கு தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். எழுந்து போய் முகத்தைக் கழுவினான். மணி ஒன்று ஐந்து. ஸ்டேட்டர் தொட்டியிலேயே இருந்தது. மெக்கரின் ஒரு க்ளிப்பை லீடு வயரிலும் இன்னொன்றை ஸ்டேட்டர் உடம்பிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினான். முள் நூறு மெகாஓமைத் தாண்டிப் போய் நின்றது. கசிவு இல்லை. நோட்டில் எழுதி, தேதி போட்டான். எழுதிய கை லேசாக நடுங்கியிருந்தது. எண் கோணலாக விழுந்தது.

திரும்பி வந்து போனை நிமிர்த்தினான். ஏதேதோ தட்டினான், அழித்தான். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"இப்ப ரிலே எதுல இருக்கு?"

பதில் உடனே வந்தது. எழுத்து இல்லை, படம். ரிலேயின் முகப்பு, பக்கத்தில் நகம் கறுத்த ஒரு விரல். முள் பத்தில் நின்றது.

"லைட்டு மூணும் எரியுதா?"

"எரியுது."

"டெலிவரி எப்டி?"

"குழா நெறஞ்சு விழுது."

பாண்டி அலமாரியைத் திறந்து பார்த்தான். சிங்கிள் பேஸிங் பிரிவெண்டர் இரண்டு இருந்தது. ஒரு பேஸ் போனாலோ ரொம்ப இறங்கினாலோ சில நொடியில் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடும் சின்னப் பெட்டி. அன்றைக்கே மாட்டியிருக்க வேண்டியது. கம்பிக்கே கடன் சொன்னவனிடம் எப்படிக் கேட்பது என்று விட்டிருந்தான். ஒன்றை எடுத்துப் பையில் வைத்தான். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒன்றரை ஸ்கொயர் வயர் இரண்டு மீட்டர், கிளாம்ப் மீட்டர்.

"பூப் பறிக்க ஆளு எத்தன மணிக்கு வருது?"

"மூணரைக்கு."

"பாத்தி பாஞ்சு முடியிற வரைக்கும் கொட்டாய விட்டு எந்திரிக்காத. வர்றேன்."

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. ஷட்டரைப் பூட்டிவிட்டு வண்டியை உதைக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"மண்டபம் தாண்டி ரோட்ட வெட்டிப் போட்டிருக்காய்ங்க மாப்ள. கம்மாய்க்கரை வழியா வா. டார்ச்ச அடிச்சுக்கிட்டு முக்குல நிக்கிறேன்."