தண்ணி எங்க போகுது: வெள்ளி தொடருக்கான திட்டம்

அண்ணே, மைனி, நேற்று பேசியதை எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் படித்துவிட்டு மாற்ற வேண்டியதைச் சொல்லுங்கள்.

நம்மிடம் உருப்படியாக இருப்பது 26 நிமிடக் காட்சி. மாத்தூர் தொட்டிப்பாலம் 9, சுசீந்திரம் குளம் 7, மணக்குடி பொழிமுகம் 6, பேச்சிப்பாறை 4. இதை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு வீடியோ என்பது நடக்காத காரியம். வாரம் ஒன்று, ஆறு வாரம், பிறகு இரண்டு வாரம் லீவு. லீவு என்பதை ஆறாவது எபிசோடின் கடைசியிலேயே மைனி சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றால்தான் சேனல் செத்துப்போச்சு என்று நினைப்பார்கள்.

எடுத்த இடங்கள் எல்லாமே தண்ணீர் போகும் இடங்கள் என்பதால் தொடரின் நூல் அதுதான். 1 பேச்சிப்பாறை, 2 மாத்தூர், 3 கடைமடை வயல், 4 சுசீந்திரம், 5 தோவாளை, 6 மணக்குடி. ஒரே ஆற்றின் வழி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மணக்குடியில் கடலில் சேர்வது பழையாறு. பேச்சிப்பாறையில் தேங்கும் கோதையாறு போய்ச் சேர்வது தேங்காப்பட்டணம். கமெண்டில் பிடித்துவிடுவார்கள், நம்ம ஊர்க்காரர்கள் விடவே மாட்டார்கள்.

ஒவ்வொன்றும் 6 நிமிடம். அதில் ஓடும் காட்சி 3 நிமிடம்தான். ஆறுக்கும் சேர்த்து 18. மீதி நேரத்துக்கு நான் வெள்ளைத்தாளில் வரையும் வரைபடம், பழைய போட்டோ, மைனி குரல். ஒரு எபிசோடில் வந்த காட்சி இன்னொன்றில் வரக் கூடாது, வரைபடம் மட்டும் வரலாம்.

அமைப்பை மாத்தூரை வைத்துச் சொல்கிறேன். தலைப்பு, இசை எதுவும் இல்லாமல் நேராகப் பாலத்தின் கீழே இருந்து தூண்களை அண்ணாந்து எடுத்த ஷாட். மைனி ஒரே கேள்வி கேட்கிறார்: "ஆத்துக்கு மேல 115 அடி உயரத்துல தண்ணியை எதுக்குக் கொண்டுபோனாங்க?" அப்புறம் வரைபடம்: இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் பரளியாறு. பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர் பள்ளத்தில் இறங்காமல் அக்கரைக்குப் போக வேண்டும். பதில் கிடைத்ததும், தொட்டியில் தண்ணீர் ஓடும் அந்த நீளமான ஷாட்டை முழு நிமிடமும் வெட்டாமல், பேச்சே இல்லாமல், சத்தத்தோடு விடுகிறோம். காட்சி கம்மியாக இருக்கும் நமக்கு இந்த ஒரு நிமிடம்தான் கை கொடுக்கும். பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடைசி 15 விநாடி அடுத்த வாரக் கேள்வி, அதன் மேலேயே எண்டு ஸ்கிரீன்.

வெளியீடு வெள்ளி இரவு 7.30. நம்மைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில். அப்போது சவூதி, குவைத், கத்தாரில் மாலை 5 மணி, அங்கே வெள்ளி விடுமுறை, துபாயில் 6. வியாழனே ஏற்றி ஷெட்யூல் போட்டுவிடலாம். செவ்வாய் ஒரு ஷார்ட்ஸ், ஒரு நிமிடத்துக்குள், புதிதாக எதுவும் எடுக்காமல். தூண், கொக்கு மாதிரி நின்றவாக்கில் இருப்பவையே செங்குத்தாக வெட்டினால் தாங்கும். அதில் முழு வீடியோவுக்கு இணைப்பு கொடுக்க மறக்க வேண்டாம்.

மற்ற நாட்கள்: சனி நான் எழுதுகிறேன், திங்கள் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மைனி குரல், புதன் எடிட்டிங். ஞாயிறு அண்ணனுக்குக் கல்யாண வேலை இருக்கும் என்பதால் அதைத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

அதனால்தான் படப்பிடிப்பை ஆடியில் முடிக்கச் சொல்கிறேன். அண்ணனுக்கு முகூர்த்தம் குறைவு, கன்னிப்பூ நெல்லுக்குக் கால்வாயில் தண்ணீரும் ஓடும். கடைமடையை அப்போதே எடுத்துவிட வேண்டும். முதல் மூன்றும் முழுதாகத் தயாரான பிறகு, ஆவணி முதல் வெள்ளியில் தொடங்கலாம். பேச்சிப்பாறைக்கு மறுபடி போக வேண்டாம், சாலையிலிருந்து எடுத்தது போதும். 1906-ல் கட்டி முடித்த அணை என்பதால் அதற்குப் பழைய போட்டோதான் அழகு.

தோவாளை மட்டும் தனி. ஓணத்துக்கு முந்தின நாட்களில் பூச்சந்தை நிரம்பி வழியும், விடியும் முன்னே போய்விட வேண்டும். ஓணம் கழிந்து போட்டால் பழசாகாதா என்று மைனி கேட்டார்கள். கேள்வி பூ விலை இல்லையே, பிச்சித் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதானே, பழசாகாது. தோட்டத்துக்காரர் பேச்சை வெளியில் பதிய வேண்டாம். ஆரல்வாய்மொழிக் காற்று மைக்கில் அடித்தால் ஒரு வார்த்தை தேறாது. அவர் வீட்டுத் திண்ணையிலோ வண்டிக்குள்ளோ பதிந்து, கை பூப்பறிக்கும் காட்சியின் மேல் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணன் ஆடியில் எந்த இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். வண்டிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.